புளித்த மாவும் புளிக்காத மாவும்



எங்கள் இல்லத்தில் நாங்கள் இரு மருமக்கள். மூத்தவரும் இளையவருமாக ஒரே அடுப்படியைப் பகிர்ந்துகொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. எங்களுக்கு மேலே மாமி இருக்கிறார்கள். எழுபது வயதைக் கடந்தவர்கள். சர்க்கரை நோய் உடையவர்கள். உணவு ஒரு கவளம் குப்பைக்குப் போனாலும் அன்று முழுவதும் முகம் வாடியிருப்பவர்கள். இராமநாதபுரம் கடற்கரையோர ஊர் எங்களுடையது. பங்குனி பிறந்துவிட்டால் அடுப்படியின் உள்ளே நள்ளிரவிலும் வெக்கை தணிவதில்லை.

சென்ற நோன்பு மாதத்தில், ஒன்பது நாள் இடைவெளியில், மாவைப் பற்றி நாங்கள் இரண்டு தவறுகள் செய்தோம். வீசக் கூடாத மாவை வீசினோம். வீசியிருக்க வேண்டிய மாவை அவித்து உண்டோம். முதல் தவற்றால் மாமியின் மனம் நொந்தது. இரண்டாம் தவற்றால் மாமியே மருத்துவமனையில் படுத்தார்கள். இரண்டையும் உள்ளபடி எழுதிவைப்பது மற்ற இல்லங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

முதல் நிகழ்வு நோன்பின் பத்தாம் நாள். மாலை ஐந்து மணிக்கு மாவரைத்து முடித்தோம். நான்கு படி இட்லி அரிசிக்கு ஒரு படி உளுந்து, ஒரு கை வெந்தயம். எங்கள் வீட்டு வழக்கமான அளவு அதுவே. உப்பிட்டுக் கரைத்து மூடி மேடையில் வைத்தோம். இரவில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பதாக எண்ணம். ஆனால் நோன்பு திறந்த சற்று நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மவுத்துச் செய்தி வந்தது. எல்லோரும் புறப்பட்டுவிட்டோம். ஜனாஸா அடக்கம் முடிந்து மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்பினோம்.

பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. பானையின் உட்புறத்தில் மாவு எழும்பிய தடம் விளிம்புவரை தெரிந்தது. மாவோ நான்கு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மேலே மெல்லிய நீர் பிரிந்து நின்றது. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடை. "கெட்டுவிட்டது" என்று எங்களுக்குள் தீர்மானித்து, மாமியைக் கேட்காமலேயே கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டோம். மாமி பிறகு வந்து காலிப் பானையைப் பார்த்தார்கள். "ஒரு குடும்பம் மூன்று வேளை உண்ணும் மாவு, புள்ளைகளா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் சொன்னார்கள். வீண் விரயம் என்ற சொல்லை அவர்கள் சொல்லவில்லை. சொல்லாமலேயே அது எங்களைத் தைத்தது.

அந்த உறுத்தல்தான் இரண்டாம் நிகழ்வுக்கு வழி வகுத்தது.

பத்தொன்பதாம் நாள் கிரைண்டர் பழுதடைந்திருந்தது. உளுந்து டப்பாவின் அடியில் பல மாதங்களாகக் கிடந்த பழைய உளுந்தே கைக்கு அகப்பட்டது. ஊறவைக்க நேரம் போதாதென்று கொதிநீரை ஊற்றி ஊறவைத்தோம். மிக்ஸியில் போட்டுத் தொடர்ந்து ஓட்டினோம்; சாடியின் வெளிப்புறமே கையைச் சுடுமளவு மாவு சூடாகிவிட்டது. இட்லி மெதுவாக வரட்டுமென்று, முந்தின இரவு வடித்து மேடையிலேயே மூடிவைத்திருந்த மீதச் சோற்றையும் சேர்த்து அரைத்தோம். அதுவும் வீணாகக் கூடாது என்ற எண்ணம்தான். பகல் இரண்டு மணிக்கு உப்பிட்டுக் கரைத்து வைத்தோம்.

சஹருக்காக அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தபோது பதின்மூன்று மணி நேரம் கடந்திருந்தது. அந்த வெக்கையில் எட்டு மணி நேரத்திலேயே மாவு பொங்கியிருக்க வேண்டும். ஆனால் வைத்த மட்டத்திலேயே கிடந்தது. கரண்டியால் கிண்டினால் குமிழி இல்லை. புளிப்பு வாடையும் இல்லை. பச்சை மாவின் வாடையும் அதன் கீழ் ஏதோ ஒரு மக்கிய வாடையுமே இருந்தன. ஒன்பது நாளுக்கு முன் கொட்டிய மாவு நினைவுக்கு வந்தது. மறுபடியும் கொட்ட மனம் துணியவில்லை. "புளிக்கவே இல்லையே, கெட்டுப்போக என்ன இருக்கிறது" என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு சிட்டிகை சோடா உப்பு சேர்த்து இட்லி அவித்தோம்.

நான்கு மணிக்கு உண்டோம். ஏழு மணிக்கு முன்பே மாமிக்கு வாந்தி தொடங்கியது. அடுத்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு. பிறகு எங்களில் இளையவருக்கு. சஹருக்கு ரொட்டி உண்ட ஆண்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் எவ்வளவு விரைவில் தளர்ந்துபோவார்கள் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம். ஒன்பது மணிக்கெல்லாம் மாமியால் எழுந்து உட்கார முடியவில்லை. மருத்துவமனையில் ஓர் இரவு சலைன் ஏற்றினார்கள். அன்றைய நோன்பைப் பிற்பாடு களாச் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், மறுநாளே அவர்கள் தேறிவிட்டார்கள்.

மாமியைப் பார்த்த மருத்துவரம்மா கேட்ட முதல் கேள்வி, "மாவில் என்னென்ன சேர்த்தீர்கள்?" என்பது. மீதச் சோற்றைச் சொன்னதும் தலையசைத்தார்கள். பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஆயினும் உண்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, காய்ச்சல் இன்மை, ஒரே நாளில் தெளிவு என்ற அடையாளங்களைக் கொண்டு, சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சாகவே இருக்க வேண்டும் என்றார்கள். பேசிலஸ் சீரியஸ் என்பது அதன் பெயர். அரிசியிலேயே அதன் வித்துகள் ஒட்டியிருக்கும். சோறு வடிக்கும் கொதிநிலையிலும் அவை சாவதில்லை. வடித்த சோறு வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அந்த வித்துகள் விழித்துக்கொண்டு பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சு ஆவியில் அவித்தாலும் அழிவதில்லை. ஆகவே நாங்கள் இட்லியை நன்றாக வேகவைத்தோம் என்பது எந்தப் பாதுகாப்பும் அளிக்கவில்லை.

பிறகு அவர்கள் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் எண்ணத்தைத் தலைகீழாக்கியது: "நீங்கள் கொட்டிய மாவு புளித்திருந்ததால் பாதுகாப்பாக இருந்தது. நீங்கள் உண்ட மாவு புளிக்காததால்தான் ஆபத்தானது."

இதை விளங்கிக்கொள்ள மாவுக்குள் நடப்பதைச் சற்றே அறிய வேண்டும். உளுந்தின் மீது இயல்பாகவே நன்மை தரும் நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கின்றன. ஊறி அரைபட்ட மாவில் அவை பெருகி இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, கரியமில வாயுவை வெளியிடுவது; உளுந்தின் வழுவழுப்பு அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்துவைப்பதால் மாவு பொங்குகிறது. மற்றொன்று, தயிரில் இருப்பது போன்ற அமிலத்தை உண்டாக்குவது. புளிப்பு என்று நாம் சொல்வது அதுவே. அந்தப் புளிப்பு ஒரு வேலி. நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த அமிலத்தில் பெருக இயலாது. நன்றாகப் பொங்கிப் புளித்த மாவின் பி.எச். அளவு ஏறக்குறைய 4.5 வரை இறங்கிவிடும்.

ஆனால் மாவு அரைத்த உடனே இந்த வேலி இருப்பதில்லை. முதல் சில மணி நேரம் மாவு ஈரமும் வெதுவெதுப்பும் ஊட்டமும் நிறைந்த, காவலற்ற வீடு. நல்ல நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்தால் வேலி எழும்பிவிடும். செய்யாவிட்டால் வேறு யாரும் உள்ளே நுழையலாம். நாங்கள் கொதிநீர் ஊற்றியும் மிக்ஸிச் சூட்டில் வாட்டியும் காவலர்களைக் கொன்றோம். பழைய சோற்றைச் சேர்த்துப் பகைவனை உள்ளே விட்டோம். மேலும், முன்னரே சோற்றில் உண்டாகிவிட்ட நஞ்சைப் பின்னால் வரும் புளிப்பாலும் நீக்க முடியாது. மாவு நன்றாகப் பொங்கியிருந்தாலும் அந்தச் சோறு எங்களை விட்டிருக்காது.

இப்போது எங்கள் வீட்டில் நேரக் கணக்கு இப்படி. மாவைக் கரைத்து மூடிய நிமிடத்திலிருந்து எண்ணுகிறோம். கோடையில் அடுப்படி 32 முதல் 35 பாகை வெப்பத்தில் இருக்கையில் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் மாவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் 25 பாகை அளவில் பத்திலிருந்து பதினான்கு மணி நேரம் பிடிக்கிறது. குன்னூரில் வாழும் எங்கள் நாத்தனார் வீட்டில் குளிர்காலத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிறது. ஆகவே "மேடையில் எத்தனை மணி நேரம் வைக்கலாம்" என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. மாவு உச்சிக்கு எழும்பும் வேளைதான் அளவுகோல். அந்த வேளை வந்ததும் இட்லி ஊற்ற வேண்டும், அல்லது குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

உச்சியைக் கண்டறிய எளிய வழி ஒன்றைக் கைக்கொண்டிருக்கிறோம். கரைத்த மாவில் அரைக் குவளை எடுத்து நேரான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிப் பானையின் அருகே வைக்கிறோம். பானையைத் திறந்து திறந்து பார்க்கத் தேவையில்லை. மாவு வளையத்தைத் தாண்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, உள்ளே குமிழிகள் தேன்கூடு போல் நிற்கின்றனவா என்பது வெளியிலிருந்தே தெரியும். மேற்பரப்பு குவிந்திருந்தால் இன்னும் ஏறுகிறது. நடுவில் குழிந்தால் இறங்கத் தொடங்கிவிட்டது.

இறங்கிய மாவு கெட்ட மாவன்று. குமிழிகள் உடைந்து வாயு வெளியேறிவிட்டதால் இட்லி தட்டையாகவும் கனமாகவும் வரும், அவ்வளவே. நாங்கள் கொட்டிய அந்தப் பதினெட்டு மணி நேர மாவை, மேல் நீரைக் கலக்கி, சிறிது அரிசி மாவு சேர்த்து முறுகலான தோசையாக வார்த்திருக்கலாம். வெங்காயமும் பச்சை மிளகாயும் இட்டு ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ சுட்டிருக்கலாம். புளிப்பு தூக்கலாக இருந்திருக்கும். வயிற்றுக்குத் தீங்கு நேர்ந்திராது. மாமி அந்தப் பானையைக் கண்டிருந்தால் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர்களின் மூக்கு எங்கள் அச்சத்தைவிட அறிவுடையது.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. கோடையில் மேடையில் ஒரு முழு நாள், அதாவது இருபத்துநான்கு மணி நேரம் கடந்த மாவை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. எழும்பிய மாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஏழு நாள்வரை பயன்படுத்துகிறோம். வேண்டிய அளவை மட்டும் உலர்ந்த கரண்டியால் வேறு பாத்திரத்தில் எடுப்போம். வெளியே இருந்த மீதத்தை மீண்டும் பெரிய பானையில் ஊற்றுவதில்லை. கடையில் வாங்கும் மாவு பெரும்பாலும் முன்னரே புளித்துத்தான் வருகிறது. அது எப்போது அரைக்கப்பட்டது என்பதை நாம் பார்த்ததில்லை. ஆதலால் அதை வீட்டிற்கு வந்ததும் குளிர்பெட்டியில் வைக்கிறோம்.

வீச வேண்டிய மாவுக்கு மூன்று அடையாளங்களை வைத்திருக்கிறோம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாமியே "கொட்டிவிடுங்கள்" என்கிறார்கள்.

முதலாவது, நிறம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என எந்தப் புள்ளி தோன்றினாலும், பஞ்சு போன்ற பூசணம் படர்ந்தாலும் மாவு முழுவதும் போக வேண்டும். மேற்பகுதியை வழித்தெறிந்துவிட்டு அடிமாவைப் பயன்படுத்தும் வழக்கம் முன்பு எங்களிடமும் இருந்தது. நீர்த்த மாவில் பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். சில பூசண நஞ்சுகள் வேகவைப்பதால் போவதுமில்லை. ஓரத்தில் காய்ந்து ஒட்டிய மாவுப் பொருக்கை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மாவின் நிறத்திலேயே, மாவின் வாடையிலேயே இருக்கும்.

இரண்டாவது, வாடையும் நூலும். புளிப்பு வாடை தயிரை நினைவூட்டும். எவ்வளவு கூடினாலும் அது தூய்மையான வாடை. அழுகல், மக்கல், சாக்கடை போன்ற வாடை வந்தால் அது புளிப்பன்று. கரண்டியைத் தூக்கும்போது வெண்டைக்காய்ப் பிசின் போல் நூல் நூலாக இழுபட்டால், வேலியை மீறி வேறு கிருமி பெருகிவிட்டது என்று கொள்கிறோம். நல்ல உளுந்து மாவுக்கும் வழுவழுப்பு உண்டு; ஆனால் அது கரண்டியிலிருந்து மடிந்து விழும், நூலாகத் தொங்காது.

மூன்றாவதுதான் நாங்கள் விலை கொடுத்துக் கற்றது: பொங்காத, புளிக்காத மாவு. கோடையில் பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் குமிழியோ புளிப்போ இல்லாத மாவைச் சோடா உப்பால் மூடி மறைக்கக் கூடாது. சோடா உப்பு இட்லியை உப்பச் செய்யும், வேலியை எழுப்பாது. இருக்கும் சிறிது அமிலத்தையும் அது தணித்துவிடும். குளிர்ந்த ஊர்களில் காத்திருப்பது வேறு. அங்கே குளிர் எல்லாக் கிருமிகளையுமே மெதுவாக்குகிறது. வெக்கையில் மாவு சும்மா கிடக்கிறது என்றால் அதற்குள் யாரோ நமக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

மாமி வீடு திரும்பிய மறுவாரம் மூவரும் சேர்ந்து மாவரைத்தோம். உளுந்தைப் புதிதாக வாங்கினோம். குளிர்ந்த நீரில் நான்கு மணி நேரம் ஊறவைத்தோம். கிரைண்டர் வரும்வரை மிக்ஸியில்தான் அரைத்தோம். ஆனால் ஐஸ் நீர் தெளித்து, அரை நிமிடத்துக்கொரு முறை நிறுத்தி, விரலால் தொட்டுச் சூடு பார்த்து அரைத்தோம். சோற்றுக்குப் பதிலாக ஒரு பிடி அவலை ஊறவைத்துச் சேர்த்தோம். அளவையும் பாதியாகக் குறைத்தோம். இரண்டு நாளில் தீரும் மாவுக்கு வீசும் நிலை வருவதே அரிது. வீண் விரயத்துக்கு உண்மையான மருந்து பானையின் அளவில் இருக்கிறது, கெட்டதை உண்பதில் இல்லை. இதைச் சொன்னது நாங்கள் அல்லர், மாமி.

அன்றிரவு எட்டு மணிக்குக் கரைத்து, நேரத்தைச் சுண்ணக்கட்டியால் அடுப்படிக் கதவில் எழுதினோம். அதிகாலை மூன்று மணிக்குக் கண்ணாடிக் குவளையில் மாவு வளையத்தைத் தாண்டி இரு மடங்காக நின்றது. மாமி குவளையை எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். "இதுதான் வாடை. மறந்துவிடாதீர்கள்" என்று அதை எங்கள் இருவர் முகத்தருகிலும் நீட்டினார்கள். பிறகு பிஸ்மி சொல்லி முதல் கரண்டியை அவர்களே தட்டில் ஊற்றினார்கள்.